முதலீடு திரும்ப எத்தனை விற்க வேண்டும்?



புதிய பொருள் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவர முனையும் எந்தத் திட்ட அறிக்கையிலும், கடைசிப் பக்கங்களில் ஒரு வரி தவறாமல் இடம்பெறுகிறது. "உற்பத்தித் திறனில் 67 சதவீதத்தில் சமநிலைப் புள்ளி எட்டப்படும்" என்பது போன்ற வரி அது. கடன் வழங்குவோரும், மானியம் வழங்குவோரும், பங்குத் தொகை செலுத்துவோரும் அந்த வரியைப் படித்து நிறைவடைகின்றனர். மூன்றில் இரண்டு பங்கு விற்றாலே போட்ட பணம் திரும்பிவிடும் என்று அவர்கள் பொருள் கொள்கின்றனர்.

அந்த வரி அப்படிச் சொல்லவில்லை. ஓர் ஆண்டின் வரவு அந்த ஆண்டின் செலவை ஈடுகட்ட எத்தனை விற்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. போட்ட முதலீடு திரும்பி வர மொத்தத்தில் எத்தனை விற்க வேண்டும் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குரிய விடையை இரண்டாவது கேள்விக்கும் விடையாகக் கொள்வதால் எவ்வளவு பெரிய பிழை நேர்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஒரு பொட்டலத்தின் மிச்சம்

கணக்கை விளக்குவதற்காக ஒரு சிறு தொழிலகத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். கர்நாடகத்தில் கேழ்வரகு மிகுதியாக விளையும் ஒரு வட்டாரத்தில், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று கேழ்வரகு பிஸ்கட் தயாரித்து விற்க எண்ணுகிறது. அடுப்பு, மாவு பிசையும் இயந்திரம், பொட்டலமிடும் இயந்திரம் ஆகியவற்றின் விலை ரூ. 10 இலட்சம். இயந்திரங்கள் ஐந்தாண்டு உழைக்கும். சோதனைத் தயாரிப்பு, உறை வடிவமைப்பு, இலவச மாதிரிகள், தொடக்க விளம்பரம் ஆகியவற்றுக்கு ரூ. 3 இலட்சம். மூலப்பொருள் இருப்பு வைக்கவும், கடைக்காரர் பணம் தரும்வரை தாக்குப்பிடிக்கவும் நடைமுறை மூலதனம் ரூ. 2 இலட்சம். ஆக மொத்தம் ரூ. 15 இலட்சம். இத்தொகை முழுவதும் உறுப்பினர்களின் பங்குத் தொகை. வங்கிக் கடன் இல்லை. ஆண்டுக்கு 1,20,000 பொட்டலங்கள் வரை தயாரிக்க முடியும்.

ஒரு பொட்டலம் கடையில் ரூ. 50-க்கு விற்கிறது. கடைக்காரரின் கழிவு, மொத்த வியாபாரியின் கழிவு, வரி ஆகியவை போக நிறுவனத்தின் கைக்கு வருவது ரூ. 35. இந்த 35-தான் கணக்கின் தொடக்கம். உறையில் அச்சிட்ட ஐம்பதிலிருந்து கணக்கைத் தொடங்கினால் அதன்பின் எழுதுவது அனைத்தும் வீண்.

ஒரு பொட்டலம் கூடுதலாகத் தயாரித்தால் கூடுதலாகும் செலவு எவ்வளவு? மாவு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றுக்கு ரூ. 14, உறைக்கு ரூ. 4, உருப்படிக் கூலி ரூ. 3, எரிபொருளுக்கும் மின்சாரத்துக்கும் ரூ. 2, வண்டி வாடகை ரூ. 2. ஆக ரூ. 25. இது மாறுபடும் செலவு. வரவு 35-இல் இதைக் கழித்தால் மிச்சம் ரூ. 10. கணக்காளர்கள் இதனைப் பங்களிப்பு என்பர். ஒவ்வொரு பொட்டலமும் வீட்டுக்கு அனுப்பும் பணம் இது. பிற செலவுகள் யாவும் இந்தப் பத்து ரூபாய்களைக் கொண்டே தீர்க்கப்பட வேண்டும்.

முதல் கணக்கு: எண்பதாயிரம்

விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுத்தே தீரவேண்டிய செலவுகள் உண்டு. கட்டட வாடகை, நிரந்தரப் பணியாளரின் சம்பளம், காப்பீடு, உரிமக் கட்டணம், ஆண்டு விளம்பரம் ஆகியவை சேர்ந்து ஆண்டுக்கு ரூ. 6 இலட்சம். இயந்திரங்களின் விலையை ஐந்தாண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுத் தேய்மானம் ரூ. 2 இலட்சம். ஆக நிலையான செலவு ரூ. 8 இலட்சம். இதனைப் பொட்டலத்தின் மிச்சமான பத்தால் வகுத்தால் 80,000 கிடைக்கிறது. உற்பத்தித் திறனான 1,20,000-இல் இது 67 சதவீதம். திட்ட அறிக்கையின் வரி இவ்வாறு பிறக்கிறது.

இந்தக் கணக்கில் தவறேதும் இல்லை. எண்பதாயிரம் பொட்டலம் விற்கும் ஆண்டில் கணக்கேட்டில் இலாபமும் இராது, நட்டமும் இராது. தொழில் ஓடிக்கொண்டிருக்கும்போது, வரும் ஆண்டின் விலையையோ உற்பத்தி அளவையோ முடிவு செய்வதற்கு இது நல்ல கருவி. ஆனால் ரூ. 15 இலட்சத்தை இறக்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்ய இது போதாது. இதில் விடுபட்டவை இரண்டு. தொடக்கத்திலேயே செலவாகிவிட்ட ரூ. 3 இலட்சம் எந்த ஆண்டின் கணக்கிலும் ஏறவில்லை. அதைவிடப் பெரிய விடுபாடு, ஐந்தாண்டுக் காலம் முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு உரிய வட்டி.

வங்கிக் கடன் இல்லாதபோது வட்டி ஏது என்ற வினா எழும். உறுப்பினர்கள் அத்தொகையை வைப்பு நிதியில் போட்டிருந்தால் வட்டி வந்திருக்கும். கறவை மாடு வாங்கியிருந்தால் பால் வந்திருக்கும். வெளியே வாங்கிய கடனைத் தீர்த்திருந்தால் வட்டிச் சுமை குறைந்திருக்கும். அந்த வருவாயை விட்டுக்கொடுத்தே பிஸ்கட் தொழிலில் இறங்குகின்றனர். புதிய பொருள் விலைபோகாமல் போகும் அபாயமும் அவர்களுடையதே. ஆகவே ஆண்டுக்கு 12 சதவீதமாவது ஈட்டித் தராத திட்டம் அவர்களுக்கு முதலைத் திருப்பித் தந்ததாகக் கொள்ள முடியாது என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் கணக்கு: தவணை முறை

இதனைக் கணக்கிட எளிய வழி, பங்குத் தொகை முழுவதையும் உறுப்பினர்களிடம் வாங்கிய கடனாகக் கருதுவது. ரூ. 15 இலட்சத்தை 12 சதவீத வட்டியுடன் ஐந்து சம ஆண்டுத் தவணைகளில் தீர்க்க வேண்டும். நடைமுறை மூலதனமான ரூ. 2 இலட்சம் ஐந்தாம் ஆண்டின் முடிவில் சரக்கை விற்றும், பாக்கியை வசூலித்தும் திரும்பக் கிடைக்கும். இதைக் கருத்தில் கொண்டால் ஆண்டுத் தவணை சுமார் ரூ. 3 இலட்சத்து 85 ஆயிரம். இதனுடன் ஆண்டுச் செலவு ரூ. 6 இலட்சத்தைக் கூட்டிப் பத்தால் வகுத்தால் 98,500 பொட்டலங்கள் என்று விடை வரும். எண்பதாயிரம் ஏறத்தாழ ஒரு இலட்சமாக வளர்ந்துவிட்டது. உற்பத்தித் திறனில் இது 82 சதவீதம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இக்கணக்கில் தேய்மானத்தைச் சேர்க்கக் கூடாது. தவணையில் முதலும் அடங்கியிருப்பதால், தேய்மானத்தையும் சேர்த்தால் இயந்திரத்தின் விலை இருமுறை ஏறிவிடும். திட்ட அறிக்கைகளில் முதலை மறப்பது போலவே, அதனை இருமுறை எண்ணுவதும் காணப்படும் பிழைதான்.

மூன்றாம் கணக்கு: விற்பனை ஏறும் வேகம்

மேலே சொன்ன கணக்கு முதல் ஆண்டிலிருந்தே 98,500 பொட்டலம் விற்கும் என்று கொள்கிறது. எந்தப் புதிய பொருளும் அவ்வாறு விற்பதில்லை. கடைக்காரர் முதலில் பத்துப் பொட்டலம் வாங்கிப் பார்ப்பார். அவை விற்ற பிறகே அடுத்த பத்தைக் கேட்பார். ஆகவே முதல் ஆண்டில் 40,000, இரண்டாம் ஆண்டில் 80,000 என்று விற்பனை படிப்படியாக ஏறுவதாகக் கொள்ளலாம். பிந்திய மூன்று ஆண்டுகளில் எவ்வளவு விற்றால் முதலீடு திரும்பும்?

கடன் பேரேடு எழுதுவது போல் எழுதிப் பார்த்தால் விடை தெளிவாகும். தொடக்கத்தில் பாக்கி ரூ. 15 இலட்சம். ஓராண்டு வட்டியைச் சேர்த்தால் 16.80 இலட்சம். அந்த ஆண்டில் பொட்டலங்கள் தந்த மிச்சம் ரூ. 4 இலட்சம், செலவோ ரூ. 6 இலட்சம். குறைந்த 2 இலட்சத்தையும் உறுப்பினர்களே இட வேண்டும். பாக்கி 18.80 இலட்சம். இரண்டாம் ஆண்டு வட்டி சேர்ந்து 21.06 இலட்சம் ஆகிறது. அந்த ஆண்டில் ரூ. 2 இலட்சம் மிஞ்சுகிறது. அதனைக் கழித்தால் பாக்கி 19.06 இலட்சம்.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் விற்றது 80,000 பொட்டலம். திட்ட அறிக்கை சொன்ன சமநிலைப் புள்ளி எட்டப்பட்டுவிட்டது. நிறுவனத்தில் மகிழ்ச்சி நிலவும். ஆனால் உறுப்பினர்களுக்குத் திரும்ப வேண்டிய தொகை தொடக்கத்தில் இருந்ததைவிட நான்கு இலட்சம் கூடியிருக்கிறது.

எஞ்சிய பாக்கியை மூன்றே ஆண்டுகளில் தீர்க்க, ஆண்டுதோறும் ரூ. 7 இலட்சத்து 34 ஆயிரம் மிஞ்ச வேண்டும். அதற்கு ஆண்டுக்குச் சுமார் 1,33,400 பொட்டலம் விற்க வேண்டும். இயந்திரங்களால் 1,20,000-க்கு மேல் தயாரிக்க இயலாது. ஆகவே கடைகள் எவ்வளவு கேட்டாலும், இந்த விலையில், இந்த வேகத்தில், ஐந்தாண்டில் முதலீடு திரும்பாது. கடைசி மூன்று ஆண்டுகளிலும் முழுத் திறனில் தயாரித்து முழுவதையும் விற்றாலும், நடைமுறை மூலதனத்தைத் திரும்ப எடுத்த பிறகு சுமார் ரூ. 4½ இலட்சம் பாக்கி நிற்கும்.

கணக்கேடு இதைக் காட்டாது. ஐந்தாண்டில் விற்றது 4,80,000 பொட்டலம். அவற்றின் மிச்சம் ரூ. 48 இலட்சம். ஆண்டுச் செலவு 30 இலட்சம், இயந்திரத் தேய்மானம் 10 இலட்சம், தொடக்கச் செலவு 3 இலட்சம் ஆகியவை போக ரூ. 5 இலட்சம் இலாபம் என்று கணக்கேடு அறிவிக்கும். இலாபம் ஈட்டியதாகக் கணக்குக் காட்டும் அதே தொழில், உறுப்பினர்களுக்கு உரியதைத் திருப்பித் தரவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை.

விமானத் தொழிலில் ஒரு படிப்பினை

பிஸ்கட் தொழிலகத்தில் நேரும் இப்பிழை சிறியவர்களின் பிழை என்று எண்ணிவிடக் கூடாது. உலகின் பெரிய தொழில் நிறுவனங்களுள் ஒன்று, தன் நாட்டு நாடாளுமன்றத்தின் முன்னிலையில் இதே முறையில் கணக்குச் சொன்னதுண்டு.

அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனம் 1960-களின் இறுதியில் டிரைஸ்டார் என்னும் பெரிய பயணிகள் விமானத்தை உருவாக்கத் தொடங்கியது. அதற்கு இயந்திரம் செய்து தந்த பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் 1971 பிப்ரவரியில் நொடித்துப்போயிற்று. லாக்ஹீடும் தள்ளாடியது. 25 கோடி டாலர் வங்கிக் கடனுக்கு அரசு உத்தரவாதம் அளிக்க வேண்டும் என்று அது கோரியது. திட்டம் பொருளாதார அடிப்படையில் சரியானதுதானா என்ற கேள்வி அங்கே எழுந்தது. 195 முதல் 205 விமானங்கள் விற்றால் சமநிலைப் புள்ளி எட்டப்படும் என்று நிறுவனத்தின் தரப்பில் கூறப்பட்டது. அப்போது உறுதியான கேட்புகளும் விருப்பக் கேட்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 180 விமானங்கள் இருந்தன. ஆகவே இலக்கு கைக்கு எட்டும் தொலைவில் இருப்பதாகவே தோன்றிற்று. உத்தரவாதச் சட்டம் 1971 ஆகஸ்டில் நிறைவேறியது. செனட் சபையில் ஒரே ஒரு வாக்கு வேறுபாடு: 49-க்கு 48.

யூவே ரெய்ன்ஹார்ட் என்னும் பொருளாதார அறிஞர் இக்கணக்கை ஆராய்ந்து 1973-இல் கட்டுரை வெளியிட்டார். விமானத்தை உருவாக்குவதற்கே சுமார் 100 கோடி டாலர் செலவு. அத்தொகை முதல் விமானம் விற்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டது. வரவோ பின்னர் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாக வருவது. நிறுவனத்தின் கணக்கு இந்த இடைவெளிக்கு வட்டி எதுவும் ஏற்றவில்லை. அவ்வட்டியை ஏற்றிக் கணக்கிட்டபோது, சமநிலைப் புள்ளி 200 விமானங்களிலிருந்து சுமார் 500 விமானங்களுக்குச் சென்றது.

அதே சந்தைக்காக மக்டானல் டக்ளஸ் நிறுவனத்தின் டிசி-10 விமானமும் போட்டியிட்டது. ஐந்நூறு விற்கும் வாய்ப்பு எவருக்கும் தெரியவில்லை. உற்பத்தியை நிறுத்தும் முடிவை லாக்ஹீட் 1981 டிசம்பரில் அறிவித்தது. மொத்தத்தில் கட்டப்பட்டவை 250 விமானங்கள். முதலில் சொன்ன 200-ஐ அது தாண்டியே விற்றது. ஆயினும் முதலீடு திரும்பவில்லை. பயணிகள் விமானத் தொழிலிலிருந்தே நிறுவனம் விலகிற்று.

பிஸ்கட் கணக்கில் 80,000 என்பது 98,500 ஆனது. விமானக் கணக்கில் 200 என்பது 500 ஆனது. இரண்டாவதில் பெருக்கம் மிகுதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. முதலீடு எவ்வளவு பெரியதோ, வரவு தொடங்க எவ்வளவு காலம் ஆகிறதோ, அவ்வளவுக்கு விடுபட்ட வட்டியும் பெரிதாகிறது. மூன்று மாதத்தில் விற்பனைக்கு வரும் பொருளுக்கு முதல் கணக்கே ஓரளவு போதும். மூன்றாண்டு கழித்து வரும் பொருளுக்கு அது முற்றிலும் வழிதவறச் செய்யும்.

மிச்சம் குறையும் இடங்கள்

கணக்கில் மிக மென்மையான உறுப்பு, பொட்டலத்தின் மிச்சமான அந்தப் பத்து ரூபாய். வாங்கும் மாவின் விலையேற்றத்தால் பொட்டலத்துக்கு இரண்டு ரூபாய் கூடினால் மிச்சம் எட்டாகும். அடக்கச் செலவு கூடியது எட்டு சதவீதமே. ஆனால் முதல் கணக்கின் 80,000 ஒரு இலட்சமாகிவிடும். அதாவது 25 சதவீதம் கூடிவிடும். விலையில் இரண்டு ரூபாய் தள்ளுபடி கொடுத்தாலும் இதே விளைவுதான். மிச்சம் எவ்வளவு ஒடுங்கியதோ, அவ்வளவு இச்சிறு மாற்றங்கள் பேரிடியாகும்.

எளிதில் கண்ணுக்குப் படாத இன்னொரு கசிவு, திரும்பி வரும் சரக்கு. பிஸ்கட் போன்ற பொருள்களுக்கு உண்ணத்தக்க காலவரம்பு உண்டு. அது கடந்த பொட்டலங்களைக் கடைக்காரர் திருப்பி அனுப்புவார். திரும்பிய ஒரு பொட்டலம் ரூ. 25-ஐ விழுங்குகிறது, இரண்டரைப் பொட்டலங்களின் மிச்சம் அதிலே கரைகிறது. நூறில் ஐந்து திரும்பி வந்தால், உண்மையில் விற்ற ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மிச்சம் பத்திலிருந்து சுமார் ரூ. 8.70-ஆகக் குறையும். எண்பதாயிரம் தொண்ணூற்றிரண்டாயிரம் ஆகும். கிடங்கிலிருந்து வண்டி ஏறியதை விற்பனை என்று எழுதும் நிறுவனம் இதனை ஆண்டு முடிவில்தான் அறியும். நுகர்வோர் கைக்குச் சென்றதை மட்டும் விற்பனையாக எண்ணுவதே முறை.

இதே மென்மை நன்மைக்கும் பயன்படும். வாரச் சந்தையிலும், பள்ளி விடுதிகளுக்கும் ஒரு பகுதியை நேரடியாக விற்று, மொத்த வியாபாரியின் கழிவைச் சேமித்துச் சராசரி மிச்சத்தைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்த முடிந்தது என்று கொள்வோம். முதல் இரண்டு ஆண்டுகளின் விற்பனை முன்போலவே 40,000, 80,000 என்று இருந்தாலும், இரண்டாம் ஆண்டின் முடிவில் பாக்கி 16.56 இலட்சமாக நிற்கும். அதன் பிறகு ஆண்டுக்குச் சுமார் 1,02,500 பொட்டலம் விற்றால் முதலீடு திரும்பும். இது உற்பத்தித் திறனில் 85 சதவீதம். கடினம், ஆனால் இயலக்கூடியது. இயலாத திட்டத்தை இயலக்கூடியதாக மாற்றியது இரண்டு ரூபாய். பெரிய இயந்திரம் வாங்கியிருந்தால் முதலீடும் பாக்கியும் உயர்ந்திருக்கும். மிச்சம் பத்து ரூபாயாகவே இருந்திருக்கும்.

அறிக்கையைப் படிக்கும் முறை

திட்ட அறிக்கையைப் பரிசீலிப்போர் சமநிலைப் புள்ளியைக் கண்டதும் மூன்று செய்திகளைத் தேடவேண்டும். முதலாவது, மிச்சம் எந்த விலையிலிருந்து கணக்கிடப்பட்டது, திரும்பி வரும் சரக்கு அதில் கழிக்கப்பட்டதா என்பது. இரண்டாவது, தொடக்கச் செலவும் பங்குத் தொகைக்கு உரிய வட்டியும் ஏற்றப்பட்டனவா என்பது. மூன்றாவது, விற்பனை ஆண்டுவாரியாக ஏறுவதாகக் காட்டப்பட்டுள்ளதா, அவ்வாறு கணக்கிட்டு வரும் எண் இயந்திரத்தின் திறனுக்குள் அடங்குகிறதா என்பது. சதவீதம் மட்டும் தந்து இம்மூன்றையும் தராத அறிக்கை, முதலீடு திரும்புமா என்ற கேள்வியைத் தொடவே இல்லை.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. எத்தனை விற்க வேண்டும் என்பதை அது சொல்லும். அத்தனை விற்குமா என்பதைச் சொல்லாது. அதனைக் கடைகளில்தான் அறிய முடியும். சில நூறு பொட்டலங்களை ஒரு வட்டாரத்தில் மட்டும் விற்றுப் பார்த்து, மறுமுறை கேட்டு வாங்கும் கடைகளின் எண்ணிக்கையைக் குறித்துவைப்பது, நீண்ட மதிப்பீட்டுப் பட்டியலைவிட நம்பத்தக்கது.

தொழில் தொடங்கிய பின்னும் அந்தப் பாக்கிப் பேரேட்டை மூடிவிடலாகாது. விற்பனை எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால், தொடர்வதா நிறுத்துவதா என்ற வினா வரும். அப்போது "இவ்வளவு பணம் போட்டாயிற்றே" என்ற வாதம் எழுவது இயல்பு. சோதனைக்கும் விளம்பரத்துக்கும் சென்ற மூன்று இலட்சம் தொடர்ந்தாலும் வராது, நிறுத்தினாலும் வராது. இயந்திரத்தையும் சரக்கையும் இன்று விற்றால் கிடைக்கும் தொகை ஒருபுறம். இனிவரும் ஆண்டுகளில் எஞ்சக்கூடிய மிச்சம், வட்டி கழித்து, மறுபுறம். எது கூடுதலோ அந்த வழியே செல்ல வேண்டும்.

உழவர்களின் பங்குத் தொகை விதைப்புக் காலத்தில் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த பணம். எண்பதாயிரம் என்று சொல்லி அதனை வாங்கி, மூன்றாண்டு கழித்து இயந்திரங்களால் செய்யவே முடியாத எண்ணொன்று தேவைப்பட்டது என்று விளக்கம் கூறுவதைவிட, தொடங்கும் முன்பே ஒரு தாளில் ஐந்து வரியில் அந்தப் பேரேட்டை எழுதிப் பொதுக்குழுவில் படித்துக் காட்டுவது நேர்மையானது. அந்த ஐந்து வரிக்கு வேண்டியவை கூட்டலும் கழித்தலும் வட்டிக் கணக்கும் மட்டுமே. கூட்டத்தில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களுள் வட்டிக் கணக்கு அறியாதவர் எவரும் இல்லை.